இந்த வரியைச் சொல்வது யார்?

தத்துவக் கட்டுரையில் அச்சாகியிருக்கும் எல்லா வரிகளையும் ஆசிரியரின் கருத்தாக எடுத்துக்கொண்டால், அவர் எதை எதிர்த்து எழுதினாரோ அதையே அவர் தலையில் கட்டிவிடுவோம். அருள்நந்தி சிவாசாரியாரின் சிவஞான சித்தியார் பரபக்கத்தில் இந்தச் சிக்கல் குறைவு. பிற மதத்தவரின் கொள்கையை முதலில் சொல்லி, அதன்பின் மறுக்கிற நூல் அது. உலகாயதன் மதம், அதன் மறுதலை என்று பதிப்புகளில் தலைப்பே இருக்கும். இன்றைய கட்டுரைகளில் எதிர்த்தரப்பும் மறுப்பும் தலைப்பில்லாமல் அடுத்தடுத்து வரும். பிரித்தெடுப்பது வாசகரின் வேலை.

அமெரிக்கத் தத்துவ அறிஞர் ஜூடித் ஜார்விஸ் தாம்சன் கருக்கலைப்பு பற்றி 1971இல் எழுதிய கட்டுரையை எடுத்துக்கொள்வோம். தத்துவ வகுப்புகளில் அதிகம் படிக்கப்படும் கட்டுரைகளில் அது ஒன்று. அதன் தொடக்கத்தில் ஒரு வாதம் வருகிறது. கருவும் ஒரு மனிதர். மனிதர் எல்லோருக்கும் உயிர்வாழும் உரிமை உண்டு. தன் உடலில் என்ன நடக்கலாம் என்று முடிவெடுக்கும் உரிமை பெண்ணுக்கும் உண்டுதான். ஆனால் உயிர்வாழும் உரிமை அதைவிடப் பெரியது. ஆகவே கருக்கலைப்பு கூடாது.

இது தாம்சனின் வாதமன்று. எதிர்த்தரப்பு சொல்லக்கூடியதை, அதன் வலு குறையாமல் அவர் எடுத்துவைக்கிறார். அடுத்து அவர் செய்வதுதான் பலரைக் குழப்புகிறது. கருத்தரித்த கணத்திலேயே கரு மனிதராகிவிடுகிறது என்பதைத் தான் நம்பவில்லை என்று சொல்லிவிட்டு, வாதத்துக்காக அதை ஏற்றுக்கொள்கிறார். அவசரமாகப் படிப்பவர், ‘கருவும் மனிதர்தான் என்கிறார் தாம்சன்’ என்று குறிப்பெடுத்துவிடுவார்.

ஆகவே ஓரத்தில் பென்சிலால் மூன்று அடையாளங்கள் இட்டுப் படிப்பது நல்லது. எதிர்த்தரப்பு சொல்வதற்கு ‘எ’, வாதத்துக்காக ஏற்றுக்கொண்டதற்கு ‘வா’, ஆசிரியர் தாமே நம்பிச் சொல்வதற்கு ‘ஆ’. ‘என்பார்கள்’, ‘என்று தோன்றலாம்’ போன்றவை வந்தால் பெரும்பாலும் ‘எ’. ‘அப்படியே வைத்துக்கொள்வோம்’ என்றால் ‘வா’. ‘ஆனால்’ வரும் இடத்தில் பேசுபவர் மாறுகிறாரா என்று நின்று பார்க்க வேண்டும். இந்தச் சொற்களை மட்டும் நம்பிவிடவும் முடியாது. சில ஆசிரியர்கள் எந்த அறிவிப்பும் இல்லாமல் எதிராளியின் குரலில் ஒரு பத்தி முழுக்கப் பேசுவார்கள். அப்போது கைகொடுப்பது வேறொரு கேள்வி: இந்தப் பகுதி எந்த முடிவுக்காக வேலை செய்கிறது?

தாம்சனின் கட்டுரையில் வரும் பெயர்பெற்ற கற்பனைக் கதையை இந்தக் கேள்வியோடு படிக்கலாம். நீங்கள் கண்விழிக்கும்போது, மயங்கிக் கிடக்கும் வயலின் மேதை ஒருவரின் உடலோடு உங்கள் உடல் இணைக்கப்பட்டிருக்கிறது. அவருடைய சிறுநீரகங்கள் பழுதாகிவிட்டதால், இசை ஆர்வலர்கள் உங்களைக் கடத்திவந்து இப்படிச் செய்திருக்கிறார்கள். ஒன்பது மாதம் இப்படியே கிடந்தால் அவர் பிழைப்பார். இப்போதே பிரித்தால் இறந்துவிடுவார். கிடந்தே ஆக வேண்டும் என்று உங்களை யாராவது கட்டாயப்படுத்த முடியுமா?

கரு மனிதரல்ல என்பதுதான் தாம்சனின் வாதம் என்றால் இந்தக் கதைக்கு வேலையே இல்லை, ஏனென்றால் வயலின் மேதை சந்தேகமில்லாமல் மனிதர். அவருக்கு உயிர்வாழும் உரிமையும் இருக்கிறது. கதை குறிவைப்பது உயிர்வாழும் உரிமையிலிருந்து முடிவுக்குத் தாவும் இடத்தை. இப்போது தாம்சனின் வாதத்தைத் தனியே எழுதிவிடலாம்:

1. வயலின் மேதைக்கு உயிர்வாழும் உரிமை உண்டு.
2. ஆனாலும் அவரைப் பிரித்துவிடுவது அவருக்கு இழைக்கும் அநீதி ஆகாது.
3. ஆகவே, உயிர்வாழும் உரிமை இருப்பதாலேயே இன்னொருவர் உடலைப் பயன்படுத்தும் உரிமை வந்துவிடாது.
4. ஆகவே, கரு மனிதர்தான் என்று ஒப்புக்கொண்டாலும், அதை மட்டும் வைத்துக் கருக்கலைப்பு கூடாது என்று முடிவுகட்ட முடியாது.

நான்காவது வரியின் அளவைக் கவனிக்க வேண்டும். எந்தக் கருக்கலைப்பும் சரி என்று அது சொல்லவில்லை. வெளிநாட்டுப் பயணம் தள்ளிப்போகக் கூடாது என்பதற்காக ஏழாவது மாதத்தில் கருவைக் கலைக்கக் கேட்பது முறையற்றது என்று தாம்சனே எழுதுகிறார். நாம் எழுதிவைத்த முடிவோடு கட்டுரையின் ஏதாவதொரு பகுதி மோதினால், முடிவை அளவுக்கு மீறி எழுதிவிட்டோம், அல்லது எதிராளியின் வரியை ஆசிரியர் கணக்கில் சேர்த்துவிட்டோம் என்று பொருள்.

இப்படிப் பிரித்து எழுதியபின்தான் மறுக்கவும் முடியும். கரு மனிதரே என்று எவ்வளவு உறுதியாக நிறுவினாலும் தாம்சனின் வாதம் அசையாது. அதை அவர் முதலிலேயே கொடுத்துவிட்டார். அவரை எதிர்க்க விரும்புபவர் இரண்டாவது வரியையோ, கடத்தப்பட்டவருக்கும் கருவுற்ற பெண்ணுக்கும் இடையிலான ஒப்புமையையோ கேள்வி கேட்க வேண்டும். தானாக விரும்பிக் கருவுற்றவருக்கு இந்தக் கதை பொருந்துமா என்ற கேள்வி அங்கேதான் எழுகிறது. தாம்சனைத் தீவிரமாக விமர்சித்தவர்கள் பலரும் கை வைத்தது அந்த இடத்தில்தான்.