ரேக்கில் எப்படி மைனஸ் இருக்கும்?

கணினித் திரையில் "72 மைக்ரோஃபாரட் கண்டன்சர்: -20" என்று இருந்தது. "ரேக்குல எப்படிங்க சார் மைனஸ் இருக்கும்?" என்று ஸ்டோர் பையன் கேட்டான். கோவையில் போர்வெல் மோட்டார்களுக்கு ஸ்டார்ட்டர் பேனல் செய்யும் ஒரு பட்டறைக்கு நான் கணக்குப் பார்த்த நாட்களில் நடந்தது இது.

ஒரு பேனலுக்கு என்னென்ன பாகம், எத்தனை வேண்டும் என்று எழுதி வைப்பதுதான் பாகப் பட்டியல். எங்கள் 2 ஹெச்.பி. பேனலின் பட்டியலில் 72 மைக்ரோஃபாரட், 440 வோல்ட் ரன்னிங் கண்டன்சர் ஒன்று உண்டு. அதே அளவில் வேறு கம்பெனிக் கண்டன்சர் வந்தால் யோசிக்காமல் மாட்டலாம். அது இணைப்பாகம்; எந்தப் பேனலுக்கும் ஒன்றுக்கு ஒன்று சரியாகப் போகும். 6203 பேரிங்கை எந்தக் கம்பெனியில் வாங்கினாலும் உள்விட்டம் 17 மில்லிமீட்டராகவே இருப்பதைப் போல.

மாற்றுப்பாகம் வேறு வகை. 72 கிடைக்காதபோது இரண்டு 36-ஐ இணையாகச் சேர்த்தால் 72 வந்துவிடும். ஆனால் ஒன்றின் இடத்தில் இரண்டு செலவாகும். பெட்டிக்குள் இடமும் கூடுதல் கிளிப்பும் வேண்டும். அதனால் இன்ன பேனலுக்கு மட்டும் என்று பொறியாளர் ஒப்புதல் தர வேண்டும். எல்லா மாற்றும் இரு பக்கமும் செல்லாது. 400 வோல்ட் கண்டன்சரின் இடத்தில் 440 வோல்ட் போடலாம், திருப்பிப் போடக்கூடாது. ஸ்டார்ட்டிங் கண்டன்சரை ரன்னிங் இடத்தில் வைக்கவே கூடாது. சில விநாடிகளுக்காகச் செய்யப்பட்ட அது தொடர்ந்து ஓடினால் சூடேறி வெடிக்கும்.

அந்த வாரம் வந்த ஆர்டர் 60 பேனல். ரேக்கில் 72 இருந்தது 40, 36 இருந்தது 100. நாற்பது பேனல் வழக்கம்போல முடிந்தது. மீதி இருபதுக்கு மேற்பார்வையாளர் இரண்டிரண்டு 36 போட்டார். ஒப்புதல் இருந்த மாற்று அது, வேலையில் தவறில்லை. தவறு கணக்கில் நேர்ந்தது.

எங்கள் மென்பொருளில் ஒவ்வொரு திருகையும் எடுக்கும்போது எழுதுவதில்லை. "60 பேனல் முடிந்தது" என்று பதிந்தால், பட்டியலைப் பார்த்து அதுவே எல்லாப் பாகத்தையும் கழித்துக்கொள்ளும். பட்டியலில் 72 என்று இருந்ததால் அறுபதையும் அதில் கழித்தது. நாற்பதில் அறுபது போனால் மைனஸ் இருபது. 36-ஐ அது தொடவே இல்லை. திரையில் 100, ரேக்கில் 60.

மைனஸ் கண்ணில் படுகிறது, யாராவது கேட்கிறார்கள். எனக்கு அதிகம் பயம் தந்தது அந்த நூறுதான். பார்க்க ஒழுங்காக இருந்ததால் யாரும் அதைச் சந்தேகிக்கவில்லை. அடுத்த வாரம் 1 ஹெச்.பி. பேனல் 90 செய்ய வேண்டியிருந்தது. அதற்கு ஆளுக்கொரு 36 தேவை. கொள்முதல் பிரிவு திரையில் நூறைப் பார்த்துவிட்டு ஒன்றும் வாங்கவில்லை. அறுபதாவது பேனலோடு வேலை நின்றது.

செய்திருக்க வேண்டியது இதுதான். வேலையை முடித்ததாகப் பதியும் முன், அந்த ஒரு வேலை ஆணையின் பாகங்களை மட்டும் திருத்த வேண்டும்: 72-இல் 40, 36-இல் 40. பதற்றத்தில் "இருபது பேனல்தானே" என்று 36-க்கு இருபது போட்டுவிடுபவர்கள் உண்டு. அப்போது இல்லாத இருபது கண்டன்சர் கணக்கில் தங்கிவிடும். மூலப் பட்டியலையே மாற்றுவது இன்னும் மோசம். அடுத்த மாதப் பேனல்களுக்கும் 36-ஐயே இரட்டிப்பாக வாங்கச் சொல்லும்.

அதற்கும் முன்னால் ஒரு கேள்வி இருந்தது: அந்த நூறில் உண்மையில் எத்தனை நம் கையில்? தொண்ணூறு ஏற்கெனவே 1 ஹெச்.பி. ஆர்டருக்கு ஒதுக்கப்பட்டவை. பத்துதான் மிச்சம். ஆக, மாற்று போட்டுச் செய்யக்கூடிய பேனல் ஐந்துதான், இருபது அல்ல. மீதிப் பதினைந்துக்கு 72 வரும்வரை காத்திருப்பதா, இன்னும் 36 வாங்குவதா என்று அன்றே முடிவெடுத்திருக்கலாம்.

பதியாமல் விட்ட மாற்றை இருப்பு எண்ணும்போது கண்டுபிடிக்க முடியும். திரையில் மைனஸ் இருபது, ரேக்கில் பூஜ்யம் என்றால் 72-இல் இருபது அதிகம். 36-இல் நாற்பது குறைவு. ஒன்று ஏற, இன்னொன்று சரியாக இரு மடங்கு இறங்கியிருந்தால் அது திருட்டோ உடைசலோ அல்ல, எழுதப்படாத மாற்று. இரண்டு வித்தியாசத்தையும் தனித்தனியாகச் சரிக்கட்டினால் இந்தத் தடயம் அழிந்துவிடும்.

நாங்கள் அந்த இருபது பேனலின் வரிசை எண்களைத் தேடி எழுதி, சர்வீஸ் பிரிவுக்குக் கொடுத்தோம். இரண்டில் ஒரு கண்டன்சர் பழுதானால் மோட்டாருக்குப் பாதி அளவே கிடைத்து உறுமி நிற்கும். அந்த எண் கையில் இருக்கும் மெக்கானிக், தோட்டத்துக்குக் கிளம்பும்போதே 72-க்குப் பதில் இரண்டு 36-ஐப் பையில் போட்டுக்கொள்வார்.