வரம்புக்குள் போன 4 கோடி டாலர்

அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில், அவசர சிகிச்சைத் துறையின் நிதி நிர்வாகத்தைக் கவனித்துவந்த ஓர் அதிகாரிக்கு, 10,000 டாலருக்குக் குறைவான கொள்முதல்களைத் தாமே அனுமதிக்கும் அதிகாரம் இருந்தது. தொகை அதைத் தாண்டினால் மேலே இன்னோர் ஒப்புதல் வேண்டும். 2013 வாக்கில் தொடங்கி 2021 வரை அவர் துறையின் பெயரில் மின்னணுச் சாதனங்களை வாங்கிக் குவித்து, வெளிமாநில வியாபார நிறுவனம் ஒன்றுக்குத் தள்ளிவிட்டுக் காசாக்கினார். பல்கலைக்கழகத்துக்கு 4 கோடி டாலருக்கு மேல் இழப்பு. 2022இல் நீதிமன்றம் அவருக்கு 9 ஆண்டுச் சிறைத் தண்டனை விதித்தது.

இதில் வியப்பு என்னவென்றால், வரம்பு ஒருநாளும் மீறப்படவில்லை. மேலிடத்துக்குப் போகாதபடி ஒவ்வோர் ஆர்டரையும் 10,000 டாலருக்குக் கீழே உடைத்துப் போட்டார், அவ்வளவுதான். கணக்குப் போட்டுப் பார்த்தால், 4 கோடி டாலர் இப்படிப் போக 4,000 ஆர்டர்களாவது வேண்டும். எட்டு ஆண்டுகளில் பரப்பினால் வேலைநாள் ஒன்றுக்கு இரண்டு. தாள்களை ஒவ்வொன்றாகப் பார்ப்பவர் கண்ணுக்கு எதுவும் உறுத்தாது. சேர்த்துப் பார்த்திருந்தால், அவசர சிகிச்சைத் துறைக்கு இத்தனை சாதனம் எதற்கு என்று யாராவது கேட்டிருப்பார்கள்.

எந்த அலுவலகத்திலும் ‘யார் எவ்வளவு வரை கையெழுத்துப் போடலாம்’ என்று ஒரு பட்டியல் இருக்கும். அதைத் தயாரிப்பவர்கள் பெரும்பாலும் 50,000, 1 லட்சம், 5 லட்சம் என்று முழு எண்களை எழுதிவிட்டு வேலை முடிந்ததாக எழுந்துவிடுகிறார்கள். உண்மையான வேலை அதற்குப் பிறகுதான்.

அறக்கட்டளை ஒன்று நடத்தும் 200 படுக்கை மருத்துவமனையைக் கற்பனை செய்துகொள்வோம். மருந்தகம் வாரந்தோறும் 4 லட்சம் ரூபாய்க்கு மருந்து வாங்குகிறது. கணினிப் பிரிவு 4 லட்சத்துக்கு எதையாவது வாங்குவது ஆண்டுக்கு ஒருமுறை நடந்தால் அதிகம். இருவருக்கும் ஒரே வரம்பு வைத்தால் என்ன ஆகும்? 1 லட்சம் என்று வைத்தால் மருந்தக இண்டென்ட் எல்லாம் நிர்வாக அதிகாரியின் மேசையில் குவியும். அவர் படிக்காமலே கையெழுத்திடப் பழகிவிடுவார். 5 லட்சம் என்று வைத்தால் கணினிப் பிரிவு ஆண்டு முழுவதும் யாரிடமும் கேட்கவே வேண்டியதில்லை. ஆகவே வரம்பு என்பது பதவிக்குத் தரும் மரியாதை அல்ல, அந்தத் துறையின் வழக்கமான செலவு எது என்பதன் அளவு. கடந்த ஆண்டின் கொள்முதல்களைத் துறைவாரியாக, சிறியதிலிருந்து பெரியதுவரை வரிசைப்படுத்தினால் இது தானாகத் தெரியும். அன்றாடச் செலவுகள் எங்கே முடிந்து, அபூர்வமானவை எங்கே தொடங்குகின்றனவோ, அங்கே கோட்டைக் கிழிக்க வேண்டும். நமது மருத்துவமனையில் மருந்தகத்துக்கு 5 லட்சம், கணினிப் பிரிவுக்கும் ஆய்வகத்துக்கும் 1 லட்சம், சமையற்கூடத்துக்கு 75,000 என்று வருகிறது. அதற்கு மேல் 20 லட்சம் வரை நிர்வாக அதிகாரி. அதையும் தாண்டினால் அறக்கட்டளைக் குழு.

தொகை ஏற ஏறக் கையெழுத்தும் கூடுகிறது. ஆனால் ஒவ்வொரு கையெழுத்துக்கும் சொந்தமாக ஒரு கேள்வி இருக்க வேண்டும். பொருள் தேவையா என்று துறைத்தலைவர் பார்க்கிறார். பட்ஜெட்டில் பணம் மிச்சம் இருக்கிறதா என்று கணக்குப் பிரிவு பார்க்கிறது. கொட்டேஷன்கள் ஒழுங்காக வந்தனவா, விலை நியாயமா என்று கொள்முதல் பிரிவு பார்க்கிறது. இருக்கிற பணத்தில் இதற்குத்தான் முதலிடமா என்பது நிர்வாக அதிகாரியின் கேள்வி. ஐந்தாவதாக ஒருவரைச் சேர்க்க நினைத்தால், அவர் எதைப் பார்ப்பார் என்று ஒரே வரியில் சொல்ல முடிகிறதா என்று பாருங்கள். முடியாவிட்டால் அவர் தேவையில்லை. கோப்பில் ஏழு கையெழுத்து இருந்தால், மற்ற ஆறு பேர் பார்த்திருப்பார்கள் என்றுதான் ஒவ்வொருவரும் நினைப்பார்கள்.

தொகையோடு சம்பந்தமே இல்லாத ஒரு கிளையும் உண்டு. சமையற்கூடம் 40,000 ரூபாய்க்குக் கணினி கேட்டால், அது அதன் வரம்புக்குள் இருந்தாலும் கணினிப் பிரிவு ஒருமுறை பார்த்தாக வேண்டும். இல்லாவிட்டால் மருத்துவமனையின் மென்பொருள் ஓடாத கணினி ஒன்று வந்து இறங்கும்.

இப்போது ஒரு கோரிக்கையை நடக்கவிட்டுப் பார்ப்போம். கதிரியக்கத் துறை அல்ட்ராசவுண்ட் கருவி கேட்கிறது. வரியோடு சேர்த்து 18 லட்சம். நிர்வாக அதிகாரியின் 20 லட்ச வரம்புக்குள் வருகிறது, குழுவுக்குப் போக வேண்டாம் என்று தோன்றும். ஆனால் கொட்டேஷனின் இரண்டாம் பக்கத்தில், வாரண்டி முடிந்தபின் மூன்று ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம், ஆண்டுக்கு 90,000 என்று இருக்கிறது. மொத்தம் 20 லட்சத்து 70,000. பராமரிப்பைத் தனி இண்டென்டாகப் போட்டுவிடலாமே என்று யாராவது சொல்லத்தான் செய்வார்கள். இதற்குப் பதில் விதியிலேயே இருக்க வேண்டும்: வரி, பொருத்தும் செலவு, ஒப்பந்தக் காலம் முழுவதற்குமான பராமரிப்பு எல்லாம் சேர்ந்ததுதான் தொகை. கோப்பு குழுவுக்குப் போகிறது.

இந்திய அரசின் பொது நிதி விதிகள் 2017இல், 157ஆவது விதி இதையேதான் சொல்கிறது. மேலதிகாரியின் ஒப்புதலைத் தவிர்ப்பதற்காகத் தேவையைத் துண்டு துண்டாக்கி வாங்கக் கூடாது. மொத்தத் தேவையின் மதிப்பைத்தான் கணக்கில் எடுக்க வேண்டும். ஆனால் விதிப் புத்தகத்தில் தடை இருப்பது வேறு, அதைக் கண்டுபிடிக்க வழி இருப்பது வேறு. துண்டாக்கியவர் ‘இது துண்டு’ என்று எழுதி அனுப்புவதில்லை.

அதனால் ஒரு துறை ஒரே விற்பனையாளரிடம் கடந்த 30 நாளில் போட்ட ஆர்டர்களின் கூட்டுத்தொகையை ஒவ்வொரு புதுக் கோரிக்கையோடும் சேர்த்து, வரம்பை அந்தக் கூட்டுத்தொகைக்கே வைக்க வேண்டும். ஆய்வகம் திங்களன்று 60,000, வியாழனன்று 55,000 என்று கேட்டால், இரண்டாவது கோரிக்கை 1,15,000 ஆகி நேராக மேலே போகும். நேர்மையான சில ஆர்டர்களும் இதில் மாட்டி எரிச்சலூட்டும் என்பது உண்மைதான். மருந்தகம் போலத் தினமும் வாங்கும் துறைக்கு இந்தக் கணக்கு ஒத்துவராது. அதற்கு ஆண்டு விலை ஒப்பந்தமும் மாத உச்சவரம்பும்தான் பொருந்தும். விற்பனையாளரை மாற்றி மாற்றி வாங்குபவரையும் இந்த வலை பிடிக்காது. அதற்குப் பொருள்வாரியாக இன்னொரு கூட்டல் வேண்டும்.

மாதக் கடைசியில் கோரிக்கைத் தொகைகளை வரிசையாக அடுக்கினாலே பாதி தெரிந்துவிடும். வரம்பு 1 லட்சம் என்றால், 95,000க்கும் 1 லட்சத்துக்கும் நடுவே கூட்டம் நெரிந்து, அதைத் தாண்டியதும் வெறிச்சோடிக் கிடக்கிறதா? இயல்பான தேவை அப்படிக் கோட்டின் ஓரத்தில் வந்து நிற்பதில்லை.

பல இடங்களில் ஏற்பாடு உடைவது விடுமுறை நாளில். நிர்வாக அதிகாரி ஊரில் இல்லை, கோப்பு நிற்கிறது, அவருடைய கடவுச்சொல் யாரோ ஒருவர் கைக்குப் போகிறது. மாற்று ஆள் யார், எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை, எந்தத் தொகைவரை என்று முன்கூட்டியே பதிவானால் இந்தக் கூத்து வேண்டாம். மாற்று ஆளாக இருப்பவர் தம் சொந்தத் துறையின் கோரிக்கைக்குத் தாமே கையெழுத்திட முடியாது. அது ஒரு படி மேலே தாவ வேண்டும். பொருளைக் கேட்பவரும் அனுமதிப்பவரும் ஸ்டோர்ஸில் வாங்கி வைப்பவரும் ஒரே ஆளாக இருக்கக் கூடாது என்பதும் இதே கணக்குதான்.

நள்ளிரவில் ஆக்சிஜன் குழாய் உடைந்தால் யாரும் குழுவைக் கூட்ட மாட்டார்கள். அவசரத்துக்கு வாங்கிவிட்டு 48 மணி நேரத்துக்குள் ஒப்புதல் பெறும் வழி ஒன்று வேண்டும். ஆனால் அதை எந்தத் துறை எத்தனை முறை பயன்படுத்தியது என்று எண்ணிக்கொண்டே வர வேண்டும். ஒரு துறையில் மட்டும் மாதந்தோறும் அவசரம் வந்தால், ஒன்று அந்தத் துறைக்கு வைத்த வரம்பு நடைமுறைக்கு ஒவ்வாத அளவு குறைவு, அல்லது அங்கே யாரோ குறுக்குவழி பழகிவிட்டார்கள். எது என்று அந்த மாத இண்டென்ட்களை எடுத்து வைத்தால் தெரிந்துவிடும்.