பாயிண்டர் இல்லாத மரம்

கணினி நிரல்களில் வரும் மரம் தலைகீழானது. வேர் மேலே இருக்கும், கிளைகள் கீழே இறங்கும். ஒரு கணுவுக்குக் கீழே அதிகபட்சம் இரண்டு பிள்ளைக் கணுக்கள்தான் இருக்கலாம் என்றால் அது இருகிளை மரம். இதை நினைவகத்தில் வைப்பதற்கு எல்லோருக்கும் முதலில் தோன்றும் வழி, ஒவ்வொரு கணுவோடும் அதன் இடப்பிள்ளை, வலப்பிள்ளை, பெற்றோர் ஆகிய மூன்றும் எங்கே இருக்கின்றன என்ற முகவரியைக் குறித்து வைப்பது. இந்த முகவரிகளுக்குத்தான் பாயிண்டர் என்று பெயர். இன்றைய 64 பிட் கணினிகளில் ஒரு பாயிண்டர் 8 பைட் பிடிக்கும். கணுவில் இருப்பது 4 பைட் எண்தான் என்றாலும், அதைச் சுமக்க 24 பைட் முகவரி தேவைப்படுகிறது. 10 லட்சம் கணுக்கள் உள்ள மரத்தில் தரவு 4 எம்.பி., முகவரிகள் 24 எம்.பி. சுமையைவிட வண்டியின் கனம் ஆறு மடங்கு!

மரத்தின் வடிவம் ஒழுங்காக இருந்தால் இந்த 24 எம்.பி. மொத்தத்தையும் தூக்கி எறிந்துவிடலாம். அந்த ஒழுங்கான வடிவத்தை முழுமையான இருகிளை மரம் என்கிறார்கள். அதன் ஒவ்வொரு மட்டமும் நிறைந்திருக்க வேண்டும். கடைசி மட்டம் மட்டும் பாதியில் நிற்கலாம், ஆனால் அதுவும் இடமிருந்து வலமாக, நடுவில் இடைவெளி விடாமல் நிரம்பியிருக்க வேண்டும். பத்துக் கணுக்கள் உள்ள ஒரு மரம் இது:

```
             4
         9        7
      15   12   20  8
    30 18 25
```

வேருக்கு 1 என்று தொடங்கி, மட்டம் மட்டமாக, இடமிருந்து வலமாக எண் போட்டுக்கொண்டு போனால் கடைசியில் இருக்கும் 25-க்குப் பத்தாம் எண் கிடைக்கும். அதே வரிசையில் மதிப்புகளை ஒரு அணியில், அதாவது நிரலாளர்கள் அர்ரே என்று சொல்லும் தொடர் பெட்டிகளில் போட்டுவிட்டால் வேலை முடிந்தது.

```
i    : 1  2  3   4   5   6  7   8   9  10
a[i] : 4  9  7  15  12  20  8  30  18  25
```

மரம் எங்கும் எழுதப்படவில்லை. ஆனாலும் அது தொலைந்துபோகவும் இல்லை. i-ஆம் இடத்தில் இருக்கும் கணுவின் சுற்றத்தை மூன்று சூத்திரங்கள் சொல்லிவிடும்:

```
left(i)   = 2*i
right(i)  = 2*i + 1
parent(i) = floor(i/2)
```

floor என்பது வகுத்தலில் வரும் பின்னத்தை விட்டுவிடுவது. ஐந்தாம் இடத்தில் இருக்கும் 12-இன் பெற்றோர் 5/2, அதாவது 2-ஆம் இடத்தில் உள்ள 9. அதன் இடப்பிள்ளை 10-ஆம் இடத்தில் உள்ள 25. வலப்பிள்ளை 11-ஆம் இடத்தில் இருக்க வேண்டும். அணியில் பத்துதான் இருப்பதால் அந்தப் பிள்ளை இல்லை.

இந்தச் சூத்திரங்களை மனப்பாடம் செய்பவர்கள் பலர். ஏன் என்று கேட்பவர்கள் குறைவு. காரணம் ஒரு சிறிய எண்ணிக்கைக் கணக்குதான். i-ஆம் கணுவுக்கு முன்னால் i-1 கணுக்கள் இருக்கின்றன. மரத்தில் இடைவெளி கிடையாது என்பதால், i-க்கு ஒரு பிள்ளையாவது இருந்தால் அதற்கு முந்தைய எல்லாக் கணுக்களுக்கும் தலா இரண்டு பிள்ளைகள் இருந்தே தீரும். ஆக 2(i-1) பிள்ளைகள் முன்பே வரிசையில் உட்கார்ந்துவிட்டன. யாருக்கும் பிள்ளையாக இல்லாத வேர் ஒன்று. கூட்டினால் 2i-1 இடங்கள் நிரம்பிவிட்டன. எனவே i-இன் முதல் பிள்ளைக்குக் கிடைப்பது 2i, அடுத்த பிள்ளைக்கு 2i+1. இந்தக் கணக்கு முழுவதும் ‘இடைவெளி கிடையாது’ என்ற ஒரே நிபந்தனையைப் பிடித்துத்தான் நிற்கிறது.

இட எண்ணை இரும எண்ணாக எழுதிப் பார்த்தால் இன்னொரு விஷயம் தெரியும். 11 என்பது இருமத்தில் 1011. முதல் 1 வேரைக் குறிக்கும். அடுத்து 0 வந்தால் இடப்பக்கம், 1 வந்தால் வலப்பக்கம். இட, வல, வல என்று இறங்கினால் 2, 5, 11 என்று சரியான இடத்துக்கு வந்து சேரலாம். மேலே ஏற வேண்டுமென்றால் கடைசி இலக்கத்தை வெட்டிக்கொண்டே போனால் போதும்: 1011, 101, 10, 1.

இந்த எண் முறை கணினியைவிட மிகப் பழையது. ஆஸ்திரியரான மிக்கேல் ஐட்சிங்கர் 1590-இல் வெளியிட்ட வம்சாவளி நூலில் முன்னோர்களுக்கு இப்படித்தான் எண் கொடுத்தார். வம்சத்துக்கு உரியவர் 1, அவருடைய தந்தை 2, தாய் 3, தந்தைவழித் தாத்தா 4, பாட்டி 5. யாராக இருந்தாலும் அவருடைய எண்ணை இரட்டித்தால் தந்தை, கூட ஒன்று சேர்த்தால் தாய். நிரலாளர் பிள்ளை என்று சொல்லும் இடத்தில் அவரிடம் பெற்றோர் இருக்கிறார்கள் என்பதுதான் வேறுபாடு. அணியில் இப்படி அடுக்குவதற்கு ஐட்சிங்கர் அடுக்கு என்ற பெயர் இன்றும் வழக்கில் இருக்கிறது. கணினித் துறையில் இதை ஊன்றியவர் ஜே. டபிள்யூ. ஜே. வில்லியம்ஸ். அவர் 1964-இல் வெளியிட்ட ஹீப்சார்ட் என்ற வரிசைப்படுத்தும் முறை முழுக்க இதன் மேல்தான் நடக்கிறது.

ஹீப் என்பது முழுமையான இருகிளை மரம்தான். கூடுதலாக ஒரு விதி உண்டு. எந்தப் பெற்றோரும் தன் பிள்ளைகளைவிடப் பெரிதாக இருக்கக் கூடாது. மேலே உள்ள மரம் அந்த விதிக்கு உட்பட்டது. அதனால் மிகச் சிறிய எண்ணான 4 வேரில் இருக்கிறது. இப்போது 5 என்ற எண்ணைச் சேர்க்க வேண்டும். இடைவெளி விழாமல் இருக்க ஒரே இடம்தான் உண்டு, அணியின் கடைசி. 5 போய் 11-ஆம் இடத்தில் அமர்கிறது. அதன் பெற்றோர் 5-ஆம் இடத்தில் உள்ள 12. அது பெரியது, எனவே இரண்டும் இடம் மாறுகின்றன. அடுத்த பெற்றோர் 2-ஆம் இடத்தில் உள்ள 9, மறுபடி மாற்றம். அதற்கும் மேலே வேரில் 4 இருக்கிறது. அது சிறியது என்பதால் ஏற்றம் நிற்கிறது.

```
i    : 1  2  3   4  5   6  7   8   9  10  11
a[i] : 4  5  7  15  9  20  8  30  18  25  12
```

இரண்டே மாற்றங்கள். 10 லட்சம் எண்கள் இருந்தாலும் மரத்தின் மட்டங்கள் 20-தான், ஆகவே ஒரு எண்ணைச் சேர்க்க 20 மாற்றங்கள்கூடத் தேவைப்படாது.

சிறிய எண்ணை வெளியே எடுப்பது இதற்கு நேர்மாறு. ஹீப்சார்ட்டில் வேரில் உள்ள 4-ஐயும் கடைசியில் உள்ள 12-ஐயும் இடம் மாற்றிவிட்டு, மரத்தின் அளவைப் பத்தாகக் குறைப்பார்கள். வேருக்கு வந்த 12, தன் பிள்ளைகளில் சிறியதோடு இடம் மாறி மாறிக் கீழே இறங்கும். முதலில் 5 மேலே போகும், பிறகு 9. இப்போது 12 நிற்பது 5-ஆம் இடம். அதன் பிள்ளைகள் 10, 11. கவனம் தேவைப்படும் இடம் இது. 11-ஆம் பெட்டி மரத்துக்கு வெளியே போய்விட்டது, ஆனால் அதில் 4 இன்னும் கிடக்கிறது. வலப்பிள்ளை இருக்கிறதா என்பதை `2*i + 1 <= n` என்று சோதிக்காத நிரல், வெளியே எடுத்த 4-ஐ மீண்டும் மரத்துக்குள் இழுத்துக்கொண்டு 12-ஐ வெளியே தள்ளிவிடும். இடப்பிள்ளை மட்டும் உள்ள கணு ஒரு மரத்தில் அதிகபட்சம் ஒன்றுதான். எனவே கணுக்களின் எண்ணிக்கை இரட்டைப்படையாக இருந்து, இறங்கும் எண்ணும் அந்தக் கணு வரை வந்தால்தான் இந்தப் பிழை தலைகாட்டும். சோதனையில் தப்பிவிடுவது அதனால்தான்.

பெரும்பாலான நிரல் மொழிகளில் அணி 1-இல் தொடங்குவதில்லை, 0-இல் தொடங்குகிறது. எல்லா எண்ணிலும் ஒன்று குறைந்தால் சூத்திரங்களும் நகரும்:

```
left(i)   = 2*i + 1
right(i)  = 2*i + 2
parent(i) = floor((i-1)/2)
```

பைத்தானின் `heapq`, ஜாவாவின் `PriorityQueue` இரண்டும் இந்த வடிவத்தைத்தான் பயன்படுத்துகின்றன. இரண்டு வடிவங்களையும் கலந்துவிட்டால் சிக்கல். 0-இல் தொடங்கும் அணியில் `2*i` என்று எழுதினால் வேரின் இடப்பிள்ளை 0, அதாவது வேரே தனக்குப் பிள்ளை.

இதைவிடக் கள்ளத்தனமான பிழை பெற்றோரைத் தேடும்போது வரும். வேருக்குப் பெற்றோர் கிடையாது. சூத்திரத்துக்கு அது தெரியாது; i = 0 என்று கொடுத்தால் பைத்தானில் `(0-1)//2` என்பது -1 என்று விடை வரும். பைத்தானில் `a[-1]` என்றால் அணியின் கடைசி மதிப்பு! புதிதாக வந்த மிகச் சிறிய எண் ஒழுங்காக வேர்வரை ஏறிவிட்டு, அங்கிருந்து கடைசி எண்ணோடு இடம் மாறி அடிமட்டத்துக்குப் போய்விடும். பிழைச் செய்தி எதுவும் வராது. சி மொழியில் அதே வகுத்தலுக்கு விடை 0 என்பதால் எண் தன்னோடு தானே ஒப்பிட்டுக்கொண்டு நின்றுவிடும். அதனால் சி-யில் சரியாக ஓடிய நிரலைப் பைத்தானுக்கு மாற்றும்போது இது புதிதாக முளைக்கும். வேரை எட்டியதும் நிற்க வேண்டும் என்பதைச் சொல்லிவிட்டால் போதும்:

```
def push(a, x):
    a.append(x)
    i = len(a) - 1
    while i > 0:
        p = (i - 1) // 2
        if a[i] >= a[p]:
            break
        a[i], a[p] = a[p], a[i]
        i = p
```

மரத்தில் இடைவெளி இருந்தால் என்ன ஆகும்? சூத்திரங்கள் அப்போதும் வேலை செய்யும், காலி இடங்களையும் அணியில் விட்டுவைத்தால். ஆனால் விலை அதிகம். ஒவ்வொரு கணுவுக்கும் வலப்பிள்ளை மட்டும் உள்ள ஒரு மரத்தில் கணுக்கள் 1, 3, 7, 15 என்ற இடங்களில் விழும். அப்படி 20 கணுக்களை வைக்க 10,48,575 பெட்டிகள் தேவை. 30 கணுக்களுக்கு 107 கோடிக்கும் மேல். தேடலுக்கான சாதாரண மரத்தில் ஏறுவரிசையில் எண்களைச் சேர்த்தால் அது சரியாக இந்த வடிவத்தில்தான் வளரும். ஒரு கிளையை வெட்டி வேறொரு கணுவின் கீழ் ஒட்ட வேண்டியிருந்தாலும் இந்த முறை உதவாது. பாயிண்டர் உள்ள மரத்தில் ஓரிரு முகவரிகளை மாற்றினால் முடிகிற வேலைக்கு, இங்கே அந்தக் கிளையின் ஒவ்வொரு கணுவையும் புதிய இட எண்ணுக்குக் குடிபெயர்க்க வேண்டும். இத்தகைய மரங்களுக்குப் பாயிண்டர்தான் ஏற்றது. ஹீப்பில் சேர்ப்பதும் எடுப்பதும் எப்போதும் அணியின் கடைசி முனையில்தான் நடப்பதால் அங்கே இடைவெளி விழ வழியே இல்லை.