மார்ச் 24 எங்கிருந்து வந்தது?

சட்டக் கல்லூரி வைவாவில் முதல் கேள்வி எளிதாகத்தான் வரும். "சீனியர் ஆபீஸ்ல என்னம்மா கத்துக்கிட்டே?"

"செக் பவுன்ஸ் நோட்டீஸ் தயாரிக்கக் கத்துக்கிட்டேன் சார்."

அறிக்கையில் இருக்கும் பதில் இதோடு தீர்ந்துவிடும். மாணவி அந்தக் கேஸ் கட்டைப் பிரித்துப் பார்த்தாரா என்பது அடுத்த கேள்வியில் தெரிந்துவிடும். "நோட்டீஸ் என்னைக்குப் போய்ச் சேர்ந்தது?"

பல பேர் நோட்டீஸ் அனுப்பிய தேதியைச் சொல்லி மாட்டிக்கொள்வார்கள். மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138ஆவது பிரிவில் ஒவ்வொரு தேதிக்கும் தனி வேலை உண்டு. காசோலை திரும்பியது மார்ச் 3ஆம் தேதி தெரிந்தது, நோட்டீஸ் 20ஆம் தேதி அனுப்பப்பட்டது என்று வைத்துக்கொள்வோம். 30 நாளுக்குள் அனுப்பியாகிவிட்டது, அது சரி. எதிர்த்தரப்புக்குப் பணம் கட்டக் கிடைக்கும் 15 நாளோ, நோட்டீஸ் கைக்குப் போன மார்ச் 24க்கு மறுநாள்தான் தொடங்கும். ஏப்ரல் 8ஆம் தேதியோடு அது முடியும். அன்றும் பணம் வராவிட்டால் 9ஆம் தேதி வழக்குமூலம் பிறக்கிறது. அந்த நாளைத் தள்ளிவிட்டு ஒரு மாதம் எண்ணினால், புகார் கொடுக்கக் கடைசி நாள் மே 9.

இதைச் சொல்லிவிட்டால் தேர்வாளர் விடமாட்டார். "ஏப்ரல் 5ஆம் தேதியே புகார் கொடுத்திருந்தா?" சீக்கிரம் கொடுத்தது நல்லதுதானே என்று தோன்றும். ஆனால் 15 நாள் முடியும் முன் கொடுத்த புகார் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 2014இல் தெளிவாகச் சொல்லிவிட்டது. தாமதமாக வந்த புகாரையாவது தக்க காரணம் காட்டினால் நீதிமன்றம் ஏற்க இடமுண்டு. என் பார்வையில், வைவாவில் கேட்கத் தகுந்த கேள்வி இதுதான்.

"குறுக்கு விசாரணை எப்படி நடந்தது?" என்ற கேள்வி வேறு விதம். பார் கவுன்சில் விதிப்படி ஓர் ஆண்டில் நான்கு வாரத்துக்கு மேல் தொடர்ச்சியாகப் பயிற்சி எடுக்க முடியாது. அந்த நான்கு வாரத்தில் ஒரு செக் வழக்கு விசாரணைக் கட்டத்துக்கு வருவது அபூர்வம். கற்பனையாக ஒரு பதில் சொன்னால், நீதிபதி என்ன சொன்னார், சாட்சி யார் என்று மூன்றே கேள்வியில் கதை சரிந்துவிடும். "நான் இருந்தவரை புகார் தாக்கல்தான் சார் நடந்தது, விசாரணையைப் பார்க்கலை" என்பது முழுமையான பதில். நான் அதற்கு மதிப்பெண் குறைக்கமாட்டேன். கட்சிக்காரரின் பெயரைக் கேட்டாலும், "அறிக்கையில் பெயரை மறைச்சிருக்கேன் சார்" என்று சொல்லி நிறுத்திக்கொள்ளலாம்.

"சரி, மார்ச் 24ன்னு எப்படித் தெரியும்?"

"குமாஸ்தா அண்ணன் ஒப்புகை அட்டையைக் கட்டுல பின் பண்ணினார் சார். அட்டையில இருந்த தேதியைப் பார்த்து, கட்டோட மேலட்டையில பென்சிலால மே 9ன்னு எழுதி, ரெண்டு கோடு போட்டார்."