நுழைவாயிலில் தொலையும் காற்று

புதுக் கட்டடத்தில் ஏசி ஓட ஆரம்பித்ததும், கடைசி அறைக்குக் காற்று போதவில்லை என்ற புகார் எழுவதுண்டு. டக்ட்டில் ஓட்டை இருக்கிறதா என்று தேடுவார்கள், ஃபில்ட்டரைக் கழற்றிப் பார்ப்பார்கள், ஃபேன் கம்பெனியைக் கூப்பிடுவார்கள். ஃபேனில் குறையே இருக்காது. கேட்டலாக்கில் சொன்ன வேகத்தில்தான் அது சுற்றிக்கொண்டிருக்கும். ஆனாலும் காற்று குறையும். அப்போது பார்க்க வேண்டிய இடம், ஃபேன் காற்றை உறிஞ்சும் வாய்.

பெரிய கட்டடங்களின் ஏசி அறைகளில் இப்போது பரவலாக இருப்பது பிளீனம் ஃபேன். பழைய பிளோயர்களைப் போல நத்தைக்கூடு வடிவ உறை இதற்குக் கிடையாது. பின்னோக்கிச் சாய்ந்த இறக்கைகள் கொண்ட ஒரு சக்கரம், அதன் முன்னால் புனல் போன்ற இன்லெட் கோன், பின்னால் மோட்டார். சக்கரம் காற்றை நடுவில் இழுத்துச் சுற்றிலும் வீசும். வெளியே இருக்கும் பெட்டி முழுவதும் அழுத்தம் ஏறி, அங்கிருந்து டக்ட்டுகள் பிரியும். இடம் மிச்சமாகிறது, எந்தப் பக்கம் வேண்டுமானாலும் டக்ட் எடுக்கலாம். இந்த வசதிதான் இதை நெருக்கடியான மூலைகளில் திணிக்கவும் தூண்டுகிறது.

ஃபேனைப் பற்றிப் பேச மூன்று விதிகள் போதும். அதே ஃபேன், அதே டக்ட், அதே அடர்த்தியுள்ள காற்று என்றால், வேகம் எத்தனை மடங்கு கூடுகிறதோ காற்றின் அளவும் அத்தனை மடங்கு கூடும். அழுத்தம் அதன் இருமடியாகவும், தேவைப்படும் சக்தி மும்மடியாகவும் ஏறும். வேகத்தை 10 சதவீதம் கூட்டினால் காற்று 10 சதவீதம் கூடும். அழுத்தம் 21 சதவீதம், சக்தி 33 சதவீதம். கொஞ்சம் வேகம் கூட்டினால் தீர்ந்துவிடும் என்று சொல்பவர்கள் அந்த மூன்றாவது எண்ணை மறந்துவிடுகிறார்கள்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஓர் அலுவலகத்துக்கு நொடிக்கு 5 கன மீட்டர் காற்று வேண்டும். தொழிலில் பேசும் கணக்கில் ஏறத்தாழ 10,600 சி.எஃப்.எம். ஃபில்ட்டர், குளிர்காயில், டக்ட் எல்லாவற்றையும் கடக்க 1,000 பாஸ்கல் அழுத்தம் தேவை. 800 மில்லிமீட்டர் சக்கரம் கொண்ட ஒரு பிளீனம் ஃபேன் 1,100 ஆர்.பி.எம்.மில் இதைத் தருகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்தப் புள்ளியில் அதன் திறன் 68 சதவீதம். காற்றுக்குக் கொடுக்க வேண்டிய சக்தி 5 கிலோவாட் என்பதால், தண்டில் 7.35 கிலோவாட் வேண்டும். தேர்வு செய்பவர், கேட்டலாக் வளைகோட்டின் உச்சிக்கு வலப்பக்கத்தில் இந்தப் புள்ளி விழுகிறதா என்றும் பார்ப்பார். இடப்பக்கம் போனால் காற்று இறக்கைகளைவிட்டுப் பிரிந்து, ஃபேன் தடுமாறி உறுமத் தொடங்கும்.

இதுவரை தவறு எதுவும் இல்லை. ஆனால் கேட்டலாக்கின் வளைகோடு எங்கே பிறந்தது? அமெரிக்காவில் இயங்கும் அம்கா என்ற ஃபேன் தொழில் அமைப்பின் 210ஆம் எண் தரமுறைப்படி, சோதனைக் கூடத்தில். அங்கே காற்று சீராக, சுழலாமல், எல்லாப் பக்கமிருந்தும் சமமாக இன்லெட்டுக்கு வருகிறது. கட்டடத்தில் அப்படி வருவதில்லை.

நம் அலுவலகத்தில் இடம் போதாமல், இன்லெட்டுக்கு எதிரே கால் சக்கர விட்டத்திலேயே, அதாவது 20 சென்டிமீட்டரில், சுவர் வந்துவிட்டது. திரும்பி வரும் காற்றின் டக்ட்டும் ஒரு பக்கமாகவே நுழைகிறது. காற்று கடைசி நொடியில் வளைந்து கோனுக்குள் பாய்கிறது. விளைவு இரண்டு விதம். ஒன்று, கோனின் ஒரு பாதியில் காற்று நெரிய, மறுபாதி பட்டினி கிடக்கிறது. ஒவ்வோர் இறக்கையும் ஒரு சுற்றுக்குள் நிறைந்த காற்றையும் வெறுமையையும் மாறி மாறிச் சந்திக்கிறது, சத்தம் கூடுகிறது. இரண்டு, பக்கவாட்டில் நுழைந்த காற்று சுழலத் தொடங்குகிறது. சக்கரம் சுழலும் திசையிலேயே அதுவும் சுழன்றால், இறக்கை அதற்குக் கொடுக்கக்கூடிய உந்துதல் குறைந்து, அழுத்தமும் மின்சார இழுப்பும் சேர்ந்தே இறங்கும். எதிர்த் திசையில் சுழன்றால் மோட்டாருக்குச் சுமை ஏறும்.

இப்படி ஃபேன் இழக்கும் திறனைத்தான் சிஸ்டம் எஃபெக்ட் என்கிறார்கள். நம் கணக்கில் கோனின் கழுத்தில் காற்று நொடிக்கு சுமார் 23 மீட்டர் வேகத்தில் பாய்கிறது. அந்த வேகத்துக்கான அழுத்தம் 310 பாஸ்கல். அதில் 40 சதவீதம் வீணாவதாகக் கொண்டால் ஏறக்குறைய 120 பாஸ்கல் போய்விட்டது.

இந்த 120 பாஸ்கலை எந்த மானியிலும் படிக்க முடியாது. நீளமான குழாயிலோ காயிலிலோ என்றால் முன்னும் பின்னும் குழாய் செருகி இழப்பை அளக்கலாம். இங்கே இழப்பு ஃபேனின் நடத்தைக்குள்ளேயே ஒளிந்திருக்கிறது. அளப்பவருக்குத் தெரிவது இவ்வளவுதான்: காற்று 4.8 கன மீட்டர், அழுத்தம் 920 பாஸ்கல், வேகம் 1,100. அந்த வேகத்தில் 4.8 கன மீட்டருக்கு கேட்டலாக் ஏறத்தாழ 1,040 பாஸ்கல் என்கிறது. அளந்த புள்ளி வளைகோட்டுக்குக் கீழே விழுந்திருக்கிறது. இதுதான் துப்பு. மூடிய டேம்பரோ அடைத்த ஃபில்ட்டரோ காரணமாக இருந்தால், காற்று குறைந்தாலும் அழுத்தம் ஏறி, புள்ளி வளைகோட்டின் மேலேயே இடப்பக்கம் நகர்ந்திருக்கும். கோடும் புள்ளியும் பிரிந்தால் டக்ட்டைச் சந்தேகிப்பதை நிறுத்திவிட்டு இன்லெட் பக்கம் வர வேண்டும். சக்கரத்துக்கும் கோனுக்கும் இடையே உள்ள இடைவெளி வரைபடத்தில் சொன்னபடி இருக்கிறதா என்றும் அப்போதே பார்க்க வேண்டும். வண்டியில் வரும்போது கோன் நகர்ந்திருந்தாலும் இதே அறிகுறிதான் தெரியும்.

சரி, 5 கன மீட்டரை எப்படி மீட்பது? வி.எஃப்.டி.யில் வேகத்தைக் கூட்டலாம். 4.8-லிருந்து 5-க்குப் போக 4.2 சதவீதம், அதாவது 1,146 ஆர்.பி.எம். இன்லெட்டில் தொலையும் அழுத்தமும் டக்ட்டைப் போலவே இருமடியாக ஏறுவதால், விதிகள் இங்கே செல்லுபடியாகும். மும்மடிக் கணக்கில் சக்தி 13 சதவீதம் கூடி 8.3 கிலோவாட் ஆகிறது. விலையைப் பார்த்து 7.5 கிலோவாட் மோட்டார் போட்டிருந்தால் அது தாங்காது. தாங்கும் மோட்டாராக இருந்தாலும், நாளுக்கு 12 மணி நேரம், ஆண்டுக்கு 300 நாள் ஓடினால் சுமார் 3,400 யூனிட் மின்சாரம் வீண். சக்கரத்தின் உச்ச வேக வரம்பைத் தாண்டுகிறோமா என்பதையும் கவனிக்க வேண்டும். அது பாதுகாப்புக்கான வரம்பு.

முன்கூட்டியே 1,120 பாஸ்கலுக்கு ஃபேன் தேர்ந்தெடுத்திருந்தால் மோட்டார் தப்பியிருக்கும், மின்கட்டணம் தப்பியிருக்காது. ஐந்து கன மீட்டரை அந்த அழுத்தத்தில் தள்ள ஏறக்குறைய அதே சக்திதான் வேண்டும். எனவே அனுமதி சேர்ப்பதைவிட இடம் ஒதுக்குவதே மேல். இன்லெட்டுக்கு முன்னால் ஒரு சக்கர விட்டம், முடியாவிட்டால் குறைந்தது அரை விட்டம் வெறுமையாக இருப்பது நல்லது. இரண்டு ஃபேன்கள் அருகருகே நின்றால் ஒன்றின் இழுப்பு மற்றதைச் சுழற்றாதபடி இடையே ஒரு விட்டம் வேண்டும். துல்லியமான அளவு ஒவ்வொரு மாடலுக்கும் மாறும். அதைத் தயாரிப்பாளரிடம் கேட்டு வாங்க வேண்டும்.

கட்டி முடித்த அறையில் சுவரை நகர்த்த முடியாது. அங்கே ஃபேனை நிறுத்தி, கோனின் விளிம்பைச் சுற்றி நாலைந்து இடத்தில் நூல்துண்டுகளை ஒட்டிவிட்டு, ஓடும்போது கண்ணாடி ஜன்னல் வழியே பார்க்கலாம். எல்லா நூலும் நேராக உள்ளே நீண்டால் காற்று ஒழுங்காக வருகிறது. ஒரு பக்கமாகச் சாய்ந்து சுழன்றால், கோனுக்கு முன்னால் தகட்டால் குறுக்குச் சட்டங்கள் கட்டிச் சுழலை உடைக்கலாம், அல்லது டக்ட் நுழையும் இடத்தில் தடுப்புத் தகடு வைத்துக் காற்றை இரு பக்கமும் பிரித்து அனுப்பலாம். தகடும் காற்றுக்குத் தடைதான் என்பதால், பொருத்தியபின் அதே வேகத்தில் மறுபடி அளந்து, புள்ளி வளைகோட்டை நெருங்கியிருக்கிறதா என்று பார்த்த பிறகே திருகுகளை நிரந்தரமாக முடுக்க வேண்டும்.