கடையின் தீ பாலிசி: முதல் பக்கமும் பின்பக்கங்களும்

துணிக்கடைக்குத் தீ காப்பீடு எடுத்தவர் கையில் கிடைக்கும் தாள்களில் முதலில் வருவது ஷெட்யூல். பெயர், கடை முகவரி, காலம், காப்பீட்டுத் தொகை எல்லாம் அதில்தான் இருக்கும். முகவரியைக் கதவு எண்ணோடு சரிபாருங்கள். சரக்கு பக்கத்துத் தெருக் குடோனில் இருந்து, அந்த முகவரி ஷெட்யூலில் இல்லையென்றால், அங்கே எரிந்ததற்குப் பணம் கேட்க முடியாது. காலத்தில் தேதியோடு நேரத்தையும் பாருங்கள். முடிவு நேரத்துக்குப் பிறகு பற்றிய தீ இந்தப் பாலிசியில் வராது.

அதிகம் ஏமாற்றுவது காப்பீட்டுத் தொகைதான். கடையில் 40 லட்சம் ரூபாய் சரக்கு. பிரீமியம் குறையட்டும் என்று 20 லட்சத்துக்கே காப்பீடு. தீயில் 10 லட்சம் போகிறது. தொகைக்குள்தானே இருக்கிறது, முழுதும் வரும் என்று நினைப்போம். ஆனால் நிபந்தனைகளில் உள்ள சராசரி விதிப்படி, பாதி மதிப்புக்கே காப்பீடு செய்ததால் நஷ்டத்திலும் பாதி, 5 லட்சமே கணக்காகும். அதிலும் ஷெட்யூலில் சொன்ன கழிவுத்தொகை போகும். சிறு நிறுவனங்களுக்கான ‘பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா’ பாலிசியில் 15 சதவீதம் வரையிலான குறைவு மன்னிக்கப்படுகிறது. இந்த 50 சதவீதத்துக்கு அது உதவாது.

கடைசியில் எண்டார்ஸ்மென்ட் தாள்கள். அச்சிட்ட விதியை மாற்றுபவை இவை. முரண்பட்டால் பொதுவாக இவைதான் செல்லும். கடன் இருந்தால் வங்கி ஷரத்து ஒன்று இருக்கும். இழப்பீடு முதலில் வங்கிக்கே போகும். ஷெட்யூல் குறிப்பிடும் ஒவ்வொரு எண்டார்ஸ்மென்ட்டும் உள்ளே இணைந்திருக்கிறதா என்று பார்த்து, இல்லாததை உடனே எழுதிக் கேளுங்கள்.