தகரக் கூரை அறை: வெயிலை ஷீட்டின் மேலேயே நிறுத்த வேண்டும்

மொட்டைமாடியில் தகர ஷீட் போட்டு எழுப்பிய அறைக்குள் மதியம் இரண்டு மணிக்கு நுழைந்தால் முதலில் காய்வது உச்சந்தலை. மின்விசிறியை முழு வேகத்தில் வைத்தாலும் அந்தக் காந்தல் குறையாது. சித்திரை வெயிலில் துருவேறிய ஷீட்டின் சூடு 65 டிகிரியைத் தொடும். அடுப்பின் முன் நிற்பவர் மேல் அனல் அடிப்பதுபோல, அந்த ஷீட்டின் அடிப்பக்கம் கீழே இருக்கும் ஆளின் மேல் நேராக அனலை வீசுகிறது. விசிறியால் காற்றைத்தான் நகர்த்த முடியும், அனலைத் தடுக்க முடியாது. ஆகவே பெயின்ட், ஃபாயில், ஃபால்ஸ் சீலிங் என எதை வாங்கப் போனாலும் அது அனலை எந்த இடத்தில் நிறுத்துகிறது என்று பார்க்க வேண்டும். ஷீட்டின் மேற்புறத்திலேயே நிறுத்துவதுதான் முதல் வேலை. உள்ளே செய்வதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

12க்கு 10 அடி அறை ஒன்றை எடுத்துக்கொள்வோம். கூரை சுமார் 11 சதுர மீட்டர். உச்சி வெயிலில் அதன்மேல் ஏறத்தாழ 10,000 வாட் விழுகிறது. துருவேறிய ஷீட் அதில் ஐந்தில் நான்கு பங்கை, அதாவது 8,000 வாட்டை, உறிஞ்சிக்கொள்ளும். நல்ல வெள்ளை கூல் ரூஃப் பெயின்ட் அடித்தால் உறிஞ்சுவது 2,500 வாட் அளவுக்கு இறங்கிவிடும். உறிஞ்சியது முழுவதும் அறைக்குள் வருவதில்லை, காற்றோடும் கணிசமாகப் போய்விடும். ஆனாலும் ஒரு டன் ஏசி வெளியேற்றக்கூடியது 3,500 வாட்தான் என்பதை நினைத்தால், இந்த வித்தியாசம் எவ்வளவு பெரியது என்று விளங்கும். புது ஷீட் பளபளவென்று இருக்கிறதே, அதற்கு எதற்குப் பெயின்ட் என்று கேட்பார்கள். பளபளப்பான உலோகம் வெயிலைத் திருப்பி அனுப்பினாலும், தனக்குள் ஏறிய சூட்டை வானத்துக்கு எளிதில் விடாது. வெள்ளைப் பூச்சு இரண்டையும் செய்யும்.

பெயின்ட் இரண்டு மழைக்கு உரிந்துவிடும் என்ற குறையும் உண்டு. அது பெரும்பாலும் அடித்த விதத்தின் கோளாறு. துருவை வயர் பிரஷ்ஷால் தேய்த்து, கழுவிக் காயவைத்து, துத்தநாகம் பூசிய தகரத்துக்கென்றே விற்கும் ப்ரைமரை முதலில் அடிக்க வேண்டும். சாதாரண எண்ணெய் பெயின்ட்டை நேராக அடித்தால் துத்தநாகத்தோடு வினைபுரிந்து செதில் செதிலாகப் பெயரும். சுண்ணாம்பு மலிவுதான், ஆனால் மழையில் கரைந்தோடும், துத்தநாகத்தையும் அரிக்கும். போல்ட் துளைகளில் ஒழுகல் இருந்தால் வாஷரை மாற்றிய பிறகே பிரஷ்ஷைக் கையில் எடுக்க வேண்டும். ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டை எக்காரணம் கொண்டும் உலரத் தேய்க்கக் கூடாது. அதன் நுண்ணிழை நுரையீரலுக்குப் போனால் உயிருக்கே ஆபத்து. தூசி படியப்படியப் பெயின்ட்டின் பலன் குறையும் என்பதும் உண்மை. பங்குனியில் ஒருமுறை கூரையைக் கழுவிவிட்டால் அதில் பெரும்பகுதியை மீட்கலாம்.

மேலே ஏற முடியாத இடங்களிலும் வாடகை அறைகளிலும் ஃபாயில் கைகொடுக்கும். அலுமினிய முகத்துக்கு அனலை வீசும் திறன் மிகக் குறைவு. அதனால் பளபளப்பான பக்கம் அறையைப் பார்த்துக் கீழ்நோக்கி இருக்க வேண்டும். அப்போது அதில் தூசியும் படியாது. தொட்டால் சுடும் ஃபாயிலுக்குக் கீழே ஒரு சாண் தள்ளிக் கையை நீட்டினால் அனல் அவ்வளவாகத் தெரியாது, வேலை நடக்கிறது என்பதற்கு அதுவே அடையாளம். ஷீட்டோடு ஒட்டாமல், இரண்டு விரல் இடைவெளி விட்டு இழுத்துக் கட்டுவது இன்னும் நல்லது.

பலரும் முதலில் ஓடுவது ஃபால்ஸ் சீலிங்குக்கு. அதைத் தனியாக, நான்கு பக்கமும் அடைத்துப் போடுவதில்தான் பணம் வீணாகிறது. ஷீட்டுக்கும் சீலிங்குக்கும் நடுவே சிக்கிய காற்று காலை முழுக்கக் காய்ந்து, மதியத்துக்குமேல் பலகையையே சூடாக்கிவிடும். இரண்டு எதிர்ச்சுவர்களிலும் அந்த இடைவெளி உயரத்தில் வலை போட்ட திறப்பு வைத்தால் சூடான காற்று வெளியேறும், எலியும் நுழையாது. விலை குறைவென்று வெறும் தெர்மாகோல் பலகையைத் தொங்கவிடுவது ஆபத்து, ஒரு மின்கசிவுப் பொறி போதும் அது உருகி எரிய. சீலிங் போடுவதால் இரவில் ஓர் இழப்பும் உண்டு. மெல்லிய தகரம் பொழுது சாய்ந்ததும் மளமளவென்று ஆறி, அறையின் சூட்டையும் இழுத்துக்கொள்ளும். சீலிங் அதைத் தடுக்கும். பகலில் ஆளில்லாமல், இரவில் மட்டும் படுக்கப் பயன்படும் அறைக்குப் பெயின்ட்டும் திறந்த சன்னலுமே மேல்.

இவை எதுவும் அறையை வெளிக்காற்றைவிடக் கணிசமாகக் குளிர்விக்காது. வெளியே 39 டிகிரி என்றால் உள்ளேயும் அதையொட்டித்தான் இருக்கும். ஆனால் பெயின்ட் அடித்தால், தலைக்குமேல் 65 டிகிரியில் காய்ந்த ஷீட் 45 டிகிரி அளவுக்கு இறங்கியிருக்கும். அதன்பிறகுதான் மின்விசிறிக் காற்று உடம்பில் படுவது தெரியும்.